நாலில் ஒன்று தளர்ந்தால்: ரீசார்ஜ் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவது ஏன்?

பாளையங்கோட்டையில் ரேடியோ, சார்ஜர், பொம்மை என்று கைக்கு வருவதையெல்லாம் பழுது பார்க்கும் கடை என்னுடையது. போன மாசி மாதம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்தார். வருஷா வருஷம் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பவர். மேசையில் நாலு ரீசார்ஜ் பேட்டரிகளை வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பொங்கலுக்கு முன்னால ராத்திரி பூரா சார்ஜ் போட்டு பையில வச்சேன். மூணு வாரம் கழிச்சு கூந்தன்குளம் போனா முப்பது படம்கூட எடுக்க விடல. முதல்ல வாங்கினப்ப முந்நூத்தம்பது படம் எடுத்தேன். நாலையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருதேன், என்ன?"

"கொஞ்சம் பொறுங்க சார், அளந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று வாங்கி வைத்தேன். தூக்கிப் போட வேண்டியவை நாலு அல்ல என்பது அளந்த பிறகு தெரிந்தது. இந்தக் கேள்வியோடு மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். பேரனின் ரிமோட் கார் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுகிறது என்பார்கள், கேமரா ஃபிளாஷ் ஏறவே மாட்டேன் என்கிறது என்பார்கள். "பேட்டரி டூப்ளிகேட்", "முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்", "ராத்திரி முழுக்கப் போட்டாத்தான் நிறையும்" என்று ஆளுக்கொரு காரணமும் அவர்களே சொல்வார்கள். இதில் பாதி பழைய காலத்து வேறொரு வகைப் பேட்டரிக்குப் பொருந்திய பேச்சு. மீதி அரைகுறை உண்மை. ஆகவே வாத்தியாரின் நாலு பேட்டரிகளையே வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன்.

கையில் இருப்பது என்ன

நாம் பென்டார்ச் பேட்டரி என்று சொல்லும் அளவுக்கு டபுள் ஏ என்று பெயர். அதில் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றக்கூடிய வகைதான் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. ஒன்றைத் தனியாகக் குறிக்கும்போது செல் என்கிறேன். நாலு செல்லை வரிசையாகப் போட்டு ஓட்டும்போது அந்த நாலும் சேர்ந்ததை செட் என்கிறேன்.

செல்லின் உள்ளே இரண்டு தகடுகள், நடுவே காரக் கரைசலில் நனைந்த மெல்லிய துணி போன்ற ஒரு தடுப்பு, எல்லாம் பாய் சுருட்டியதுபோல் சுருட்டி அடைத்திருக்கும். ஒரு தகட்டில் நிக்கல் சேர்மம். இன்னொன்று ஹைட்ரஜனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் உலோகக் கலவை. சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் அந்தக் கலவைக்குள் போய் அடைகிறது. கேமரா ஓடும்போது அது வெளியே வந்து வினைபுரிந்து மின்சாரம் தருகிறது.

மேலே 2000 என்றோ 2500 என்றோ எழுதியிருப்பது கொள்ளளவு. அதன் அலகு மில்லி ஆம்பியர் மணி. 2000 என்றால் 500 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் 4 மணி நேரம் வரும் என்று பொருள். குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது போன்ற கணக்கு இது. இன்று குளத்தில் எவ்வளவு கிடக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. (டபுள் ஏ அளவில் 3500, 4000 என்று அச்சடித்து விற்றால் வாங்காதீர்கள். இந்த அளவுக் குப்பிக்குள் இந்த வகைச் சரக்கு 2700, 2800-க்கு மேல் அடங்காது.)

வோல்ட் கணக்கிலும் ஒரு குழப்பம் உண்டு. சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், இது 1.2 வோல்ட்தான், அதனால் பலம் குறைவு என்பார்கள். புது ஆல்கலைன் செல் 1.5-இல் தொடங்கி, ஓட ஓடச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும். நிக்கல் செல் 1.4 பக்கம் தொடங்கிச் சட்டென்று 1.25-க்கு வந்து, பிறகு தீரும்வரை கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும். கடைசியில்தான் மடமடவென்று விழும். கேமராவைப்போல் நிறைய மின்சாரம் கேட்கும் சாதனத்துக்கு இந்தச் சமநிலைதான் நல்லது. ஆனால் இதே குணத்தால், சும்மா இருக்கும் செல்லை மீட்டரில் அளந்து "1.25 காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்ல முடியாது. முக்கால் நிறைந்ததும் 1.25 பக்கம் காட்டும், கால் நிறைந்ததும் அதற்குப் பக்கத்தில்தான் காட்டும்.

சும்மா இருந்தாலும் இறங்கும்

நம் பக்கத்துக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மடையைத் திறக்காவிட்டாலும் வைகாசிக்குள் தண்ணீர் பாதியாகிவிடும். தரையில் கொஞ்சம் ஊறும், வெயிலில் கொஞ்சம் போகும். செல்லும் அப்படியே. எதிலும் போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சார்ஜ் குறைந்துகொண்டே வரும். இதற்குத் தன்னிறக்கம் என்று பெயர்.

உலோகக் கலவை பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில் கொஞ்சம் தானாகவே கசிந்து, தடுப்புத் துணியைத் தாண்டி எதிர்த்தகட்டுக்குப் போய்விடுகிறது. அங்கே வெளிச்சுற்றில் மின்சாரம் தராமலே வினை முடிந்துவிடுகிறது. கரைசலில் இருக்கும் சில மாசுகளும் இரண்டு தகடுகளுக்கும் நடுவே போய்வந்து சார்ஜைச் சுமந்து கடத்துகின்றன. பழைய செல்லில் தடுப்பும் தகடும் தேய்ந்திருப்பதால் இந்தக் கசிவு கூடுகிறது.

சாதாரண நிக்கல் செல் சார்ஜ் முடிந்த முதல் நாளிலேயே நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்கு மேலோ இழந்துவிடும். அதன் பிறகு வேகம் குறைந்து, ஒரு மாதத்தில் மொத்தம் முப்பது பங்கு வரை போய்விடும். இது 20, 25 டிகிரி இருக்கும் அறைக்கான கணக்கு. வெப்பம் 10 டிகிரி கூடினால் கசிவின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கேமராப் பையை வைத்துவிட்டுப் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மேலே ஓடு வெந்துகொண்டிருக்க, அடியில் பரணில் கிடக்கும் பொம்மைக்கும் இதே கதிதான்.

இந்தக் குறையை நீக்க 2005-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் எனிலூப் என்ற பெயரில் வேறு மாதிரி செய்த செல்லைக் கொண்டுவந்தது. கலவையையும் தடுப்பையும் மாற்றிக் கசிவை மிகவும் குறைத்திருந்தார்கள். ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும். இப்போது வேறு பல கம்பெனிகளும் இதே வகையைச் செய்கின்றன. உறையின் மேல் "ப்ரீ சார்ஜ்டு" என்றோ "ரெடி டு யூஸ்" என்றோ போட்டிருக்கும். இவற்றில் பொதுவாக 2000 பக்கம்தான் எழுதியிருக்கும். கடையில் பக்கத்திலேயே 2500 இருக்கும்போது 2000-ஐ யார் எடுப்பார்கள்? மாதம் ஒருமுறை கேமராவை எடுப்பவர் எடுக்கலாம். ஒரு மாதம் கழித்து அந்த 2500-இல் மிஞ்சுவது 1750 அளவு. இந்த 2000-இல் 1900 பக்கம் இருக்கும். தினமும் சார்ஜ் போட்டு அன்றன்றே தீர்ப்பவருக்கு மட்டும் 2500 லாபம்.

இதுவரை சொன்னது: எழுதியிருக்கும் எண் குளத்தின் அளவு. சார்ஜ் போட்டு எத்தனை நாளாயிற்று, எந்தச் சூட்டில் வைத்திருந்தோம் என்பதைப் பொறுத்துத்தான் கையில் கிடைக்கும் தண்ணீர்.

வரிசையில் ஒருவர் தளர்ந்தால்

வாத்தியார் சொன்ன மூன்று வாரத்துக்குத் தன்னிறக்கம் மட்டுமே காரணம் என்றால் முந்நூற்றைம்பது படம் இருநூற்றைம்பதாகக் குறைந்திருக்கலாம். முப்பதுக்கு எப்படி வந்தது? விஷயம் இங்கேதான் இருக்கிறது.

கான்கிரீட் கூரை போடும்போது சாந்துச் சட்டியை ஆட்கள் வரிசையாக நின்று கை மாற்றிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் ஆள் நூறு சட்டி கொடுத்தால் கடைசி ஆள் கைக்கும் நூறு சட்டிதான் வரும். நடுவில் நிற்பவர் யாரும் எண்பது மட்டும் கடத்த முடியாது. நாலு பேரில் மூன்று பேர் திடகாத்திரமாக இருந்து, ஒருவர் மட்டும் நாற்பதாவது சட்டியில் சோர்ந்துவிட்டால் வரிசையே நாற்பதில் நின்றுவிடும். மற்ற மூவரிடமும் தெம்பு மிச்சம் இருக்கும், ஆனால் வேலை நடக்காது.

கேமராவிலும் பொம்மையிலும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. இதைத் தொடர் இணைப்பு என்பார்கள். வோல்ட் நாலும் கூடி 4.8 ஆகும், ஆனால் நாலு செல்லிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒவ்வொரு செல்லும் ஒரே அளவு சார்ஜைத்தான் கொடுத்தாக வேண்டும். ஆகவே செட்டின் கொள்ளளவு என்பது நாலின் சராசரி அல்ல. இருப்பதில் மெலிந்த செல்லின் கொள்ளளவு எதுவோ அதுதான் செட்டின் கொள்ளளவு.

வாத்தியாரின் நாலு செல்லும் ஒரே கம்பெனி, நாலிலும் 2500 என்றே எழுதியிருந்தது. "நாலும் ஒண்ணாவே வாங்கினதா சார்?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, ரெண்டு தொலஞ்சுபோச்சு. போன வருஷம் ரெண்டு வாங்கிச் சேத்துக்கிட்டேன்." மற்ற இரண்டும் நாலு வருஷத்துக்கு முந்தியவை.

மார்க்கரால் நாலுக்கும் எண் போட்டேன், புதியவை 1, 2, பழையவை 3, 4. நல்ல சார்ஜரில் தனித்தனியாக நிறைத்தேன். பிறகு ஒவ்வொன்றையும் 2.2 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓடவிட்டு, வோல்ட் 1.0-க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். 1.2 வோல்ட்டை 2.2-ஆல் வகுத்தால் 0.545 ஆம்பியர். நேரத்தை அதனால் பெருக்கினால் கொள்ளளவு வந்துவிடும். கணக்கு வாத்தியாருக்கு இது பிடித்துப்போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே நேரம் குறித்தார்.

1-ஆம் செல் 4 மணி 10 நிமிஷம் ஓடியது, அதாவது 2270. இரண்டாவது அதற்கு ஐந்து நிமிஷம் குறைவு. மூன்றாவது 2 மணி 20 நிமிஷத்தில் விழுந்தது, அது 1270. நாலாவது ஒன்றரை மணி நேரம்தான், 820. எழுதியிருப்பது நாலிலும் 2500!

அன்றைக்கே பார்த்தால் இந்த செட்டின் கொள்ளளவு 820. ஆனால் வாத்தியார் மூன்று வாரம் கழித்தல்லவா எடுத்தார்? நாலையும் மறுபடி நிறைத்து மூன்று வாரம் கடை அலமாரியில் வைத்துவிட்டு அளந்தோம். புதியவை இரண்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடின, 1700 வாக்கில் மிச்சம் இருந்தது. மூன்றாவதில் 590. நாலாவது செல் 20 நிமிஷத்தில் கண்ணை மூடிவிட்டது. கணக்குப் போட்டால் 180. வயதான செல்லுக்குக் கொள்ளளவும் குறைவு, கசிவும் அதிகம் என்று இரண்டு அடி.

வாத்தியார் தாளில் எழுதினார். நிறைந்த செட்டில் 2270-க்கு 350 படம் என்றால் 180-க்கு எத்தனை? இருபத்தெட்டு. "முப்பதுகூட வரலன்னு சொன்னேம்லா" என்று அவரே சிரித்தார்.

நாலாவது தீர்ந்ததும் கேமரா ஏன் நிற்க வேண்டும், மற்ற மூன்றும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கேமராவுக்கு நாலும் சேர்ந்த மொத்த வோல்ட்தான் தெரியும். தனித்தனியாகப் பார்க்கும் வசதி அதற்கு இல்லை. மூன்று செல் 1.2 வீதம் 3.6, நாலாவது 0.4-க்கு விழுந்தால் மொத்தம் 4.0. கேமரா "பேட்டரி தீர்ந்தது" என்று காட்டி அணைந்துவிடும்.

கேமராவில் செத்துப்போன செல் சுவர்க் கடிகாரத்திலோ டிவி ரிமோட்டிலோ ஓடுகிறதே என்ற வியப்பும் பலருக்கு உண்டு. செல்லுக்குள்ளேயே மின்சாரத்துக்கு ஒரு தடை இருக்கிறது, அதன் பெயர் உள்தடை. செல் வயதாக ஆக அது கூடும். கடிகாரம் கேட்பது துளி மின்சாரம், அதற்கு உள்தடை பொருட்டே இல்லை. கேமரா ஃபிளாஷ் ஏற்றும்போதும் லென்ஸை நீட்டும்போதும் ஒன்று, ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். உள்தடை 0.2 ஓம் ஆகிவிட்ட கிழட்டுச் செல்லில் ஒன்றரை ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் உள்ளேயே தொலைந்துவிடும். 1.2 வோல்ட் செல் 0.9 ஆகத் தெரியும். உள்ளே சரக்கு மிச்சம் இருந்தும் கேமரா காலி என்று நினைத்துக்கொள்ளும்.

பொம்மையில் நடப்பது இதைவிடக் கொடுமை

கேமராவாவது வோல்ட் குறைந்ததும் தானே அணைந்துகொள்கிறது. பொம்மைக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆனித் தேரோட்டத்தின்போது டவுன் ரதவீதிக் கடைகளில் வாங்கும் ரிமோட் காரைப் பாருங்கள், அதற்குள் இருப்பது மோட்டாரும் சுவிட்சும்தான். பிள்ளை அது அசையாமல் நிற்கும்வரை பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

அப்போது மெலிந்த செல் முதலில் காலியாகிறது. மற்ற மூன்றும் இன்னும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன, அது காலியான செல் வழியாகத்தான் போயாக வேண்டும். சோர்ந்து உட்கார்ந்த ஆள் தலையில் மற்றவர்கள் சட்டியை ஏற்றுவதுபோல, காலிச் செல்லுக்குள் மின்சாரம் வம்பாகப் புகுத்தப்படுகிறது. அதன் கூட்டல் முனை கழித்தலாகவும் கழித்தல் முனை கூட்டலாகவும் ஆகிவிடும். இதற்குத் துருவம் மாறுதல் என்று பெயர். உள்ளே வாயு உண்டாகி அழுத்தம் ஏறும், மிஞ்சினால் தலைப்பகுதியில் இருக்கும் சிறு வால்வு திறந்து வாயுவும் கரைசலும் வெளியேறும். கூட்டல் முனையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தாற்போல் படிந்திருந்தால் அது இப்படி வந்ததாக இருக்கலாம். போன கரைசல் திரும்பாது. ஒவ்வொரு தடவையும் அந்தச் செல் இன்னும் மெலியும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் துருவம் மாறும்.

இதைக் கண்ணால் காட்டிய சம்பவம் ஒன்று. ஒரு பெண் தன் மகனின் காரைக் கொண்டுவந்தார். செல்களை வெளியே எடுத்து அளந்தால் நாலும் 1.1, 1.2 என்று ஒழுங்காகக் காட்டின. பிறகு செல்களை உள்ளே போட்டு, சக்கரம் சுற்றும்போதே ஒவ்வொரு செல்லின் இரு முனையிலும் மீட்டர் முள்ளை வைத்தேன். 1.15, 1.13, 1.16. நாலாவதில் மீட்டர் −0.3 என்று கழித்தல் குறியோடு காட்டியது. "அண்ணாச்சி, ஒயர மாத்திப் பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். மாற்றவில்லை, செல்தான் மாறியிருந்தது. ஓட்டத்தை நிறுத்தியதும் மெல்ல மெல்ல ஏறிக் கால் மணி நேரத்தில் அது 0.9-க்கு வந்துவிட்டது. சும்மா வைத்து அளந்தால் இந்தக் குட்டு வெளிப்படவே வெளிப்படாது.

"முழுசா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்ற பழைய சொல்லால் வரும் கேடும் இதுதான். அது நிக்கல் காட்மியம் என்ற முந்திய வகைப் பேட்டரியைப் பற்றிய பேச்சு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. செட்டாகப் பொம்மையில் போட்டு முழுசாக இறக்குவது மெலிந்த செல்லைக் கொல்வதற்குச் சமம். கார் வேகம் குறைந்தாலே பிள்ளையிடமிருந்து வாங்கிச் செல்லைக் கழற்றிவிடுங்கள். பாதியில் சார்ஜ் போடுவதால் ஒரு குற்றமும் இல்லை.

சுருக்கமாக இந்தப் பகுதி: வரிசையில் மெலிந்த செல் எதுவோ அதுதான் செட். கேமராவில் அது மற்றவற்றின் உழைப்பை வீணாக்கும். பொம்மையில் தானும் செத்துப்போகும்.

எந்த சார்ஜர்

மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவதில் இரண்டு விதம் உண்டு. "அரை மணி நேரம் ஓடட்டும்" என்று கணக்காகப் போட்டு அணைப்பது ஒன்று. தொட்டி நிறைந்ததும் மிதவை தானே அணைப்பது இன்னொன்று. முதல் விதத்தில் தொட்டி ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் வழிந்தோடும். தொட்டி பெரிதாக இருந்தால் நிறையாது.

செல்லோடு சேர்த்து மலிவாகக் கொடுக்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் முதல் விதம். வாத்தியாரின் சார்ஜரிலும் நாலு செல்லுக்கு இரண்டே விளக்குகள்தான். விளக்கு இரண்டு என்றால் செல்களை ஜோடியாகச் சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். ஜோடியில் ஒன்று நிறைந்து மற்றது நிறையாவிட்டாலும் அதற்குத் தெரியாது. 200 மில்லி ஆம்பியரில் எட்டு மணி நேரம் ஏற்றிவிட்டு நின்றுவிடும்.

எட்டு மணி நேரத்தில் உள்ளே போவது 1600. இப்படி மெதுவாக ஏற்றும்போது போட்டதெல்லாம் தங்காது. நிறைக்க ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு போட வேண்டும். ஆகவே தங்குவது 1100-க்குக் கொஞ்சம் குறைவு. காலியாக இருந்த புதிய செல்லுக்கு இது பாதிகூட இல்லை. 820 மட்டுமே பிடிக்கும் நாலாவது செல்லுக்கோ ஆறு மணி நேரத்திலேயே நிறைந்துவிட, மீதி இரண்டு மணி நேரம் வழிகிறது. செல்லில் வழிவது தண்ணீர் அல்ல, சூடு. நிறைந்த பிறகு ஏற்றும் மின்சாரம் உள்ளே ஆக்ஸிஜனை உண்டாக்கி, அது எதிர்த்தகட்டில் போய்ச் சேர்ந்து வெப்பமாக மாறும். அந்தச் சூட்டில் தடுப்பும் தகடும் இன்னும் தேயும். ஒரே சார்ஜர் ஒரே இரவில் ஒரு செல்லைப் பட்டினி போட்டு, இன்னொன்றை அவித்துவிடுகிறது. மின்தடை வந்து போனால் இந்த வகையில் பல சார்ஜர்கள் எட்டு மணி நேரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இது போதாதா!

இரண்டாம் விதம், ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்துக்கொள்ளும் சார்ஜர். நாலு செல்லுக்கு நாலு விளக்கு, அல்லது நாலு கட்டம் உள்ள சிறு திரை இருக்கும். இதன் மிதவை எது தெரியுமா? சார்ஜ் ஏற ஏறச் செல்லின் வோல்ட் மெல்ல உயரும். நிறைந்ததும் சூடு கிளம்பும், சூட்டால் வோல்ட் ஒரு சில மில்லிவோல்ட் கீழே இறங்கும். ஏறிக்கொண்டிருந்தது இறங்கத் தொடங்கிய அந்த நொடியைக் கவனித்து சார்ஜர் நிறுத்திவிடும். கூடவே சூடு மிஞ்சினால் நிறுத்தவும், ஏதேனும் தவறினால் நேரக் கணக்கில் நிறுத்தவும் ஏற்பாடு வைத்திருப்பார்கள்.

இந்த இறக்கம் மிகச் சிறியது. மின்னோட்டம் ரொம்பக் குறைவாக இருந்தால் இறக்கமே சரியாகத் தெரியாது, சார்ஜர் கோட்டைவிட்டு ஏற்றிக்கொண்டே இருக்கும். "மெதுவா ஏத்தினா பேட்டரிக்கு நல்லது" என்று இந்தச் சார்ஜரை 200-இல் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2000 செல்லுக்கு 700 முதல் 1000 வரை வைப்பது பொருத்தம். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். முடியும் தருவாயில் செல் கைக்கு வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. பிடிக்க முடியாமல் சுட்டால் அந்தச் செல்லையோ சார்ஜரையோ சந்தேகப்படுங்கள். அக்கினி நட்சத்திர நாளில் மத்தியானம் போடாமல் ராத்திரி மின்விசிறிக்கடியில் போடுவது நல்லது, சூடான செல்லில் சார்ஜும் குறைவாகத்தான் தங்கும்.

வீட்டிலேயே குற்றவாளியைப் பிடிக்க

ரெசிஸ்டரும் ஸ்டாப்வாட்ச்சும் எல்லாருக்கும் தேவையில்லை. சாதா டிஜிட்டல் மீட்டர் ஒன்று போதும். செல்களுக்கு எண் போடுங்கள். தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜரில் நிறைத்துக் கேமராவில் போட்டு, "பேட்டரி தீர்ந்தது" என்று காட்டும்வரை பயன்படுத்துங்கள். காட்டிய உடனே, ஆறவிடாமல் கழற்றி நாலையும் அளந்து பாருங்கள். நாலும் 1.1 பக்கத்தில் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் செட் ஒற்றுமையாகத் தேய்ந்திருக்கிறது. 1.24, 1.23, 1.19, 0.92 என்று வந்தால் அந்தக் கடைசிச் செல்தான் மற்ற மூன்றையும் நிறுத்தியது. அடுத்த முறையும் அதே எண்தான் விழுகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். ஒரு வருஷம் இரண்டு வருஷம் கிடப்பில் கிடந்த செல் முதல் சார்ஜில் சோம்பலாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று முறை நிறைத்து, 1.0 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இறக்கினால் பல செல்கள் எழுந்துவிடும். மூன்றாவது சார்ஜிலும் எழுதியதில் பாதிகூட வராவிட்டால் கேமராவிலிருந்து அதை எடுத்துவிடலாம்.

எடுத்த இடத்தில் ஒரு புதுச் செல்லைப் போட்டு நிரப்பாதீர்கள் என்பதைத்தான் கடைக்கு வரும் எல்லாரிடமும் வலியுறுத்துகிறேன். வாத்தியார் செய்தது அதுதான். புதியதன் பலம் பழையதோடு சேர்ந்து வீணாவதோடு, ஒவ்வொரு முறையும் பழையது துருவம் மாறும் அபாயமும் கூடுகிறது. கேமராவுக்கு நாலும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் போட்டு, ஒன்றாகத்தான் ஓய்வு கொடுக்க வேண்டும். ஆல்கலைன் செல்லை இவற்றோடு கலப்பதும் கூடாது.

வாத்தியார் கசிவு குறைந்த வகையில் 2000 என்று எழுதிய நாலு செல்லும், தனித்தனியாகப் பார்க்கும் சார்ஜரும் வாங்கினார். நாலிலும் வாங்கிய மாதத்தையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பழைய செட்டில் 1, 2 இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் அவர் வீட்டு டார்ச்சுக்குப் போயின. மூன்றாவது, ஒரே செல்லில் ஓடும் என் கடை டெஸ்டருக்கு வந்தது, ஒற்றைச் செல்லுக்குத் துருவம் மாறும் பயம் இல்லை. நாலாவதை மின்கழிவுப் பெட்டியில் போட்டேன்.

பங்குனியில் மறுபடி கூந்தன்குளம் போய்விட்டு நேரே கடைக்கு வந்தார். சார்ஜ் போட்டு இருபது நாள் ஆகியிருந்ததாம். மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டும் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். கேமராவின் கணக்கில் 290. கேமரா இன்னும் அணையவில்லை. செல்களைக் கழற்றி மேசையில் அடுக்கிவிட்டு, "அளங்க தம்பி" என்றார். 1.21, 1.22, 1.21, 1.21.